பிளக்கைப் பிடுங்கினாலும் உயிரோடு இருக்கும் பெட்டரி: வட்டவளையிலிருந்து வந்த ஒரு பிரியஸ்

ஜூன் மாதத்தின் இரண்டாம் கிழமை. வட்டவளைப் பக்கமிருந்து ஹயர் ஓடும் அண்ணன் ஒருவர் தன் மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸை ஹட்டனிலுள்ள எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தார். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் சிவப்பு முக்கோணம் எரியும், ஹைபிரிட் சிஸ்டத்தைப் பார்க்கச் சொல்லி டேஷ்போர்டில் எழுத்து வரும். கினிகத்தேனை தாண்டி அவிசாவளைக்கு இறங்கி வெயில் பட்டதும் வண்டியில் ஒரு குறையும் தெரியாது. பெற்றோல் கூடக் குடிக்கவில்லை, ஏற்றத்தில் இழுவையும் குறையவில்லை.

"வேற ஒரு இடத்துல காட்டினேங்க. சென்சர் கோளாறுன்னு சொல்லி ஸ்கேனர்ல வந்த கோடை அழிச்சு விட்டாங்க. ரெண்டு நாள்ல திரும்பி வந்திருச்சு" என்றார் அண்ணன்.

அதே தவறை நானும் செய்தேன். அவர் வந்தது நல்ல வெயிலடித்த மத்தியானம். ஸ்கேனரில் P0AA6 என்ற கோட் பதிவாகியிருந்தது. உயர் மின்னழுத்தப் பக்கத்துக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவிலுள்ள காப்பு குறைந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். அந்த நேரத்தில் கோளாறு தெரியாததால், ஆரஞ்சு நிறக் கேபிள்களைக் கண்ணால் பார்த்தேன், கோடை அழித்தேன், அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் அவர் போன் எடுத்தார். அப்போதுதான் உறைத்தது: வட்டவளை இலங்கையிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஈரமான காலையில் வந்து வெயிலில் மறையும் கோளாறைக் காய்ந்த மத்தியானத்தில் தேடினால் கிடைக்காது. "இன்னைக்கு ராத்திரி வண்டி இங்கேயே வாசல்ல நிக்கட்டும் அண்ணே" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் மூடுபனி. ஸ்கேனரை மாட்டி வண்டியை READY நிலைக்குக் கொண்டுவந்தேன். P0AA6 உடனே வந்தது, அதன் கீழே 526, 612 என்ற இரண்டு துணைக் கோடுகளும் வந்தன. 526 காப்புக் குறைவு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எங்கே என்பதை 612 சொல்லும்: பெட்டரிப் பகுதி. 611 வந்திருந்தால் ஏசி கம்ப்ரசர் பக்கம், 613 என்றால் கியர்பெட்டி மோட்டார் பக்கம், 614 என்றால் பெட்டரியின் நேர்மின்னை மோட்டாருக்கு மாறுமின்னாக்கும் இன்வேர்ட்டரும் அதற்குப் போகும் கேபிள்களும் உள்ள பக்கம். ஸ்கேனரில் `Short Wave Highest Val` என்று ஒரு வரி உண்டு. வண்டி தன் உயர் மின்னழுத்தப் பாதையில் ஒரு சிறு அலையை அனுப்பி, அது உடம்புக்குக் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கசிவில்லாத வண்டியில் அந்த எண் ஐந்து வோல்ட்டுக்குக் கிட்ட நிற்கும். அன்று காலையில் அது கீழே விழுந்து கிடந்தது. வெயில் ஏற ஏற எண்ணும் மெதுவாக ஏறியதை நானும் என்னோடு வேலை பழகும் தம்பியும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கசிவு ஏன் ஆபத்து

பிரியஸின் பெட்டரியில் 28 மொடியூல் தொடராக இருக்கின்றன. ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 201.6 வோல்ட். இந்த மின்னழுத்தம் வண்டியின் இரும்பு உடம்போடு எங்கேயும் இணைக்கப்படுவதில்லை, தனியே மிதக்கிறது. 12 வோல்ட் பெட்டரியின் மைனஸ் போடியில் இறுக்கப்பட்டிருப்பதுபோல இதன் எந்த முனையும் போடியில் இருக்காது. அதனால் தவறி ஒரு கை ஒரு முனையில் பட்டு, இன்னொரு கை போடியில் இருந்தாலும் மின் ஓடிவரச் சுற்று கிடையாது. ஆளை அடிக்க இரண்டு முனையிலும் படவேண்டும்.

கசிவு வந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். பெட்டரியின் நடுவிலுள்ள ஏதோ ஒரு முனை இப்போது போடியோடு சேர்ந்திருக்கிறது. போடியில் கைவைத்து நிற்பவர், தனக்குத் தெரியாமலே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இன்னும் ஒரே ஒரு தொடுகைதான் பாக்கி. கசிவின் தடை பெரிதாக இருந்தால் சுருக்கென்று குத்துவதோடு போகும். ஆனால் ஈரம் கூடினால் அந்தத் தடை எவ்வளவுக்கு இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மொடியூல்களை இணைக்கும் செம்புப் பட்டையான பஸ்பார் ஒன்று நகர்ந்து பெட்டரியின் இரும்புத் தகட்டில் சாய்ந்தால் தடையே இருக்காது. அதனால் P0AA6 வந்த வண்டியைப் பெட்டரி பலவீனமென்று வரும் வண்டிபோல நான் அணுகுவதில்லை.

மின்னைப் பிரித்த விதம்

கோடுகளை முதலில் எழுதிவைத்தோம். 12 வோல்ட்டைக் கழற்றினால் சில பதிவுகள் போய்விடும். பிறகு வண்டியை நிறுத்தி, சாவியை ஆபீஸ் மேசைக்குக் கொண்டுபோனோம். இது சாவி போடாமலே அருகில் இருந்தால் வேலைசெய்யும் வண்டி, பக்கத்தில் சாவி இருக்கையில் யாராவது பட்டனை அழுத்திவிடக்கூடாது. பின்கதவைத் திறந்தே வைத்தோம். பிரியஸின் பின்கதவுப் பூட்டு மின்சாரத்தில் திறப்பது. 12 வோல்ட் பெட்டரியும் பின்னால் வலது மூலையில் இருப்பதால், அதைக் கழற்றிய பிறகு கதவு சாத்திக்கொண்டால் உள்ளே தவழ்ந்துபோய்த்தான் திறக்கவேண்டும்.

12 வோல்ட்டின் மைனஸைக் கழற்றியதுமே பெட்டரிக்குள் இருக்கும் பெரிய ரிலேக்கள் மூடமுடியாத நிலைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் கிளவுஸ். நாங்கள் போடுவது பூச்சியம் வகுப்பு ரப்பர் கிளவுஸ், மாறுமின்னில் 1000 வோல்ட், நேர்மின்னில் 1500 வோல்ட் வரைக்கும் உரியது. அதன்மேல் தோல் கிளவுஸ், ரப்பரைக் கம்பி முனை கிழிக்காதபடி. போடுமுன் ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டுப் பக்கம் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, விரல்களை அழுத்திக் கன்னத்தருகே பிடித்துப் பார்க்கவேண்டும். ஊசிமுனை ஓட்டையாக இருந்தாலும் காற்று கன்னத்தில் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயர் மின்னழுத்தத்தில் சோதிக்க அனுப்பவேண்டும் என்பது விதி. அதற்கு இங்கிருந்து அனுப்பி எடுப்பது சிரமம் என்பதால், ஆறு மாதம் ஆனதும் நான் புது ஜோடி வாங்கிவிடுகிறேன். பழையதைக் கத்தரித்துப் போடுகிறேன். கத்தரிக்காவிட்டால் யாராவது அதை எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.

பின்னால் இடது பக்கத்திலுள்ள ஆரஞ்சு நிற சேர்விஸ் பிளக்கைத் தம்பி பிடுங்கித் தன் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பெட்டரியில் கைவைக்கிறவனின் பையில்தான் பிளக் இருக்கவேண்டும், மேசையில் வைக்கக்கூடாது. பிளக் இருந்த குழிக்குக் காப்பு டேப் ஒட்டினோம். பிறகு பத்து நிமிடம் காத்திருந்தோம். இன்வேர்ட்டருக்குள் பெரிய கெப்பாசிட்டர் இருக்கிறது. ஓடும்போது அது 650 வோல்ட் வரைக்கும் ஏறும், பெட்டரியிலிருந்து பிரித்த பிறகும் அந்த மின்னை வைத்திருக்கும். பத்து நிமிடம் அது வடிவதற்கு.

காத்திருந்த பிறகு இன்வேர்ட்டரின் முனைகளில் அளந்தோம். மீட்டர் சரியாக வேலைசெய்கிறதா என்று முதலில் ஒரு 12 வோல்ட் பெட்டரியில் வைத்துப் பார்த்தோம், பிறகு இன்வேர்ட்டரில் அளந்தோம், மறுபடி 12 வோல்ட்டில் வைத்துப் பார்த்தோம். செத்த மீட்டரும் பூச்சியம்தான் காட்டும், வயர் அறுந்த மீட்டரும் பூச்சியம்தான் காட்டும். நடுவில் வந்த பூச்சியத்தை நம்பவேண்டுமானால் முன்னாலும் பின்னாலும் 12 வரவேண்டும்.

இன்வேர்ட்டரில் 0.3 வோல்ட். தம்பி பின்பக்கம் வந்தான். பெட்டரியின் பக்கத்திலுள்ள காற்றுக்குழாயின் சின்ன ஸ்குரூ ரப்பர் கிளவுஸோடு பிடிபடவில்லை. வலது கை கிளவுஸைக் கழற்றத் தொடங்கினான்.

"தம்பி, நில்லு."

"மீட்டரு சீரோ காட்டுச்சே அண்ணே. பிளக்கும் என் பையிலதான் இருக்கு. இனி என்னா?"

மீட்டர் காட்டியது இன்வேர்ட்டரின் கதையை. பெட்டரியின் கதையை அது சொல்லவில்லை. பிளக்கைப் பிடுங்கும்போது நடப்பது ஒன்றுதான்: தொடராக இருக்கும் 28 மொடியூலும் இரண்டு துண்டாகப் பிரியும். வெளியே போகும் கேபிளில் மின் இருக்காது. பெட்டிக்குள்ளே ஒவ்வொரு மொடியூலும் முன்போலவே உயிரோடுதான் இருக்கும். மொத்தம் 200 வோல்ட்டுக்கு மேல் என்றால், அதை எந்த இடத்தில் இரண்டாக்கினாலும் பெரிய துண்டில் 100 வோல்ட்டுக்குக் குறையாது. இரண்டு கையாலும் அந்தத் துண்டின் இரு முனைகளைத் தொட்டால் உடம்பில் ஓடுவது பல பத்து மில்லி அம்பியர், நெஞ்சை நிறுத்தப் போதுமான அளவு. மூடி திறந்த பெட்டரிக்கு அணைக்கும் சுவிட்ச் கிடையாது. தம்பி மூன்று வருடமாக வேலை செய்கிறான், கெட்டிக்காரன். அப்படியிருந்தும் அந்தப் பூச்சியம் அவனை ஏமாற்றியது. அன்றைக்கு நான் டீ குடிக்கப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. அந்த நாளிலிருந்து பெட்டரி வேலையில் எங்கள் கராஜில் இரண்டு பேர் இல்லாமல் மூடி திறப்பதில்லை. இரண்டாவது ஆள் வேலை செய்வதில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் நிற்பார். கையில் காய்ந்த ஃபைபர் தடி, சுவரில் 1990 சுவசெரிய இலக்கம்.

மூடியைத் திறந்தபோது

பெட்டரி நாற்பது கிலோவுக்கும் கொஞ்சம் மேல். இருவராகத் தூக்கி, ரப்பர் விரிப்புப் போட்ட மர மேசையில் வைத்தோம். இரும்பு மூடியை இரண்டு பக்கமும் பிடித்து நேர்மேலே தூக்கினோம், சரித்து எடுக்கவில்லை. அது நல்லதாய்ப் போயிற்று. பஸ்பார்களுக்குமேல் இருக்கவேண்டிய பிளாஸ்டிக் கவர் ஒரு பக்கம் இல்லவே இல்லை. முன்பு யாரோ திறந்து இரண்டு மொடியூலை மாற்றியிருக்கிறார்கள், கவரைத் திரும்பப் போடவில்லை. கறுப்பு டேப் சுற்றியிருந்தது, அதுவும் ஊறிக் கூழாகியிருந்தது. மூடி கொஞ்சம் சரிந்திருந்தால் நேரே செம்பில் போய் உட்கார்ந்திருக்கும்.

இந்த இடத்தில் ஆயுதங்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். பக்கத்துப் பக்கத்து இரண்டு பஸ்பாருக்கு நடுவில் ஏறத்தாழ 16 வோல்ட்தான். அது ஆளை அடிக்காது என்பதால் பலர் சாதாரண 8 மில்லிமீட்டர் ஸ்பெனரோடு இறங்கிவிடுகிறார்கள். ஆனால் ஸ்பெனர் ஒன்று அந்த இரண்டுக்கும் குறுக்கே விழுந்தால் ஓடுவது நூற்றுக்கணக்கான அம்பியர். ஸ்பெனர் ஒட்டிக்கொள்ளும், செம்பு உருகித் தெறிக்கும், மொடியூல் கொதித்து வாயைத் திறக்கும். கிளவுஸ் போட்டவனுக்கும் கண் போகலாம். முகக்கவசம் போடுவது அதற்காகத்தான்.

நாங்கள் வைத்திருப்பது ஐஈசி 60900 தரத்துக்குச் செய்த ஆயுதங்கள். இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் பிடியில் இருக்கும். ஒவ்வொன்றும் 10,000 வோல்ட்டில் சோதிக்கப்பட்டு வருவது. நல்ல தயாரிப்புகளில் காப்பு இரண்டு நிறத்தில் இரண்டு அடுக்காக இருக்கும். மேல் சிவப்பு தேய்ந்து உள் மஞ்சள் தெரிந்த அன்றைக்கு அந்த ஆயுதம் இந்த வேலைக்கு முடிந்தது. ஸ்பெனரில் டேப் சுற்றுவது, தண்ணீர்க் குழாய் ரப்பரைச் செருகுவது எல்லாம் இதற்கு ஈடாகாது. டேப் நகரும், எண்ணெயில் அவிழும், முனை எப்படியும் வெறும் இரும்பாகத்தான் இருக்கும். முழுத் தொகுதி வாங்கக் காசு இல்லாதவர்களுக்கு நான் சொல்வது: இந்தப் பெட்டரியைத் திறக்க 8 மில்லிமீட்டர் சொக்கட், நீட்டுக் கம்பி, ரெச்சட் மூன்றும் காப்பிட்டவையாக இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். மோதிரம், மணிக்கூடு, கழுத்துச் சங்கிலி, சட்டைப் பையிலிருக்கும் பேனா எல்லாம் முதலிலேயே லொக்கருக்குப் போகவேண்டும்.

கசிவு எங்கே

மூடி திறந்ததுமே ஒரு பக்கம் பல முனைகளில் வெள்ளைப் பூ பூத்திருந்தது, செம்பில் பச்சைக் களிம்பு. தம்பி அதிகம் பூத்த முனையைக் காட்டி இதுதான் என்றான். அப்படிக் கண்ணால் முடிவு செய்யக்கூடாது. பூ இருந்தும் அது தகட்டைத் தொடாமல் இருக்கலாம். கொஞ்சமே இருந்தும் அடியில் போய் ஒட்டியிருக்கலாம்.

உயர் மின்னழுத்தம் கொடுத்துக் காப்பை அளக்கும் மெகரைப் பெட்டரிக்கு வைப்பதும் சரியில்லை. கேபிளுக்கும் மோட்டாருக்கும் 500 வோல்ட் மெகர் நல்லது. தானே மின் வைத்திருக்கும் ஒன்றில் அதை வைத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை, பெட்டரிக்குள் இருக்கும் கண்காணிப்புப் பலகையும் கெடலாம். இங்கே பெட்டரியின் சொந்த மின்னே கசிவைக் காட்டிக்கொடுக்கும். சாதாரண மல்டிமீட்டர் போதும், 1000 வோல்ட்டுக்கு உரிய வயரோடு. கிளவுஸும் போட்டிருக்கவேண்டும்.

மறுநாள் காலை, ஈரம் இருக்கும்போதே அளந்தோம். முதலில் சின்னத் துண்டு. அதன் ஒரு முனையில் ஒரு வயர், பெட்டரியின் இரும்புத் தகட்டில் இன்னொரு வயர். மீட்டர் ஏதோ ஒரு எண்ணைக் காட்டி அப்படியே விழுந்து பூச்சியத்துக்குக் கிட்ட வந்தது. அந்தத் துண்டு மிதக்கிறது, கசிவில்லை. பெரிய துண்டின் மைனஸ் முனையிலிருந்து தகட்டுக்கு அளந்தபோது 62.7 வோல்ட், அசையாமல் நின்றது. மறுமுனையிலிருந்தும் தகட்டுக்கு ஒரு எண் நின்றது. இரண்டையும் கூட்டினால் துண்டின் முழு மின்னழுத்தத்துக்கு ஒரு வோல்ட்டளவுதான் குறைவு. கசிவின் தடை மீட்டரின் உள்தடையான 10 மெகா ஓமோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது என்று இதிலிருந்து தெரியும்.

இனி வாய்ப்பாடு. அன்று ஒவ்வொரு மொடியூலும் 7.9 வோல்ட் இருந்தது. 62.7 ஐ 7.9 ஆல் வகுத்தால் எட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியென்றால் மைனஸ் பக்கமிருந்து எண்ணி எட்டாவது மொடியூலும் ஒன்பதாவதும் சேரும் முனையில்தான் தகடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தம்பி காட்டிய பெரிய பூ இரண்டு முனை தள்ளி இருந்தது.

வகுத்ததில் முழு எண்ணுக்குக் கிட்ட வந்தது நல்ல அடையாளம். கசிவு பெரும்பாலும் ஒரு முனையிலிருந்துதான் கிளம்பும், மொடியூலின் நடுவிலிருந்து கிளம்புவது அரிது. ஆறரை என்று நடுவில் வந்திருந்தால் இரண்டு இடத்தில் கசிவு இருப்பதாக நினைத்து, ஒன்றைச் சுத்தம்செய்து மறுபடி அளந்திருப்பேன்.

கசிவு எவ்வளவு என்பதற்கும் எளிய வழி உண்டு. மீட்டர் வயர்களுக்குக் குறுக்கே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டோம். 62.7 இருந்தது 35க்கு இறங்கியது. 62.7 ஐ 35 ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்து, 100 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 80 கிலோ ஓம். மின்வண்டிகளுக்கான ஐ.நா. ஒழுங்குவிதி 100, மாறுமின் பாதையும் சேர்ந்த அமைப்புக்கு ஒரு வோல்ட்டுக்கு 500 ஓம் கேட்கிறது. இந்தப் பெட்டரியின் அன்றைய 221 வோல்ட்டுக்கு அது 110 கிலோ ஓம். காலையில் வண்டி விளக்கை எரியவைத்தது நியாயம்தான். மத்தியானம் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது ரெசிஸ்டர் போட்டதும் எண் ஏறக்குறைய பூச்சியத்துக்கு விழுந்தது. கசிவு காய்ந்து பல மெகா ஓமுக்கு ஏறியிருந்தது. முதல் நாள் நான் ஏமாந்த நேரமும் அதுதான்.

காரணம்

எல்லா பஸ்பார்களையும் கழற்றினோம். ஒன்று எடுத்ததும் அந்த முனைகளுக்கு ரப்பர் மூடி, பிறகு அடுத்தது. எல்லாம் கழற்றிய பிறகு மேசையில் இருப்பது எட்டு வோல்ட் மொடியூல்கள் மட்டும்தான், மூச்சு இலகுவாக வரும்.

எட்டாவது மொடியூலின் பிளஸ் முனையின் சீல் வழியாகப் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் கரைசல் ஊறி, மொடியூலின் பக்கவாட்டில் வழிந்து, அடியில் அதைத் தகட்டோடு இறுக்கும் போல்ட் வரை போயிருந்தது. விரல் நகம் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. காற்றுப் பட்டால் அது பொட்டாசியம் காபனேற்றாகிப் பொடியாகும். காய்ந்தால் மின்னைக் கடத்தாது. ஆனால் இந்த உப்பு சும்மா இருக்காது, காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக் கரையும். அவிசாவளை வெயிலில் பொடி, வட்டவளை விடியலில் கம்பி.

சீல் ஏன் விட்டது? வயது ஒரு காரணம். இன்னொன்றைக் கண்டுபிடிக்கத் தம்பி பின் சீட்டின் பக்கத்திலுள்ள காற்றுவழியைத் திறந்தான். விசிறியின் பல்லெல்லாம் பஞ்சும் தூசியும் அடைந்திருந்தது. ஹயர் போகும்போது ஆட்களின் பயணப் பை அந்தக் கிரில்லை மூடியபடியே வரும் என்று அண்ணனே சொன்னார். மலைநாட்டில் குளிர்தானே, பெட்டரிக்கு என்ன சூடு என்று கேட்பவர்கள் உண்டு. நுவரெலியாவிலிருந்து ஹட்டன் வழியாக அவிசாவளைக்கு இறங்கும்போது ஏறத்தாழ 1800 மீற்றர் இறக்கம். வழிநெடுகப் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பெட்டரிக்குள் பெரிய மின்னோட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் வகை, நிரம்பி வருகையில்தான் அதிகம் சூடாகி உள்ளே வாயு அழுத்தம் கூட்டும். விசிறி அடைத்திருந்தால் அந்தச் சூடு நடு மொடியூல்களில் தங்கிவிடும். இறக்கத்தில் கியரை B இல் போட்டால் எஞ்சினும் கொஞ்சம் சுமையை எடுத்துக்கொள்ளும். அண்ணன் அந்த எழுத்தை ஒரு நாளும் பாவித்ததில்லையாம்.

திருத்தம்

எட்டாவது மொடியூலின் மின்னழுத்தம் சரியாக இருந்தது, சுமை வைத்துப் பார்த்தபோதும் மற்றவற்றுக்குப் பின்தங்கவில்லை. பெட்டரி ஆரோக்கியம் பார்க்கும் எந்த அப்பும் இதைப் பிடித்திருக்காது. ஆனாலும் சீல் விட்ட மொடியூல் உள்ளே காய்ந்துகொண்டே போகும் என்பதால் மாற்றினோம். அதே வயதுள்ள பழைய பெட்டரியிலிருந்து எடுத்து, மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பார்த்து, கொள்ளளவு மற்றவற்றோடு ஒத்துவந்த ஒன்றைப் போட்டோம். புத்தம்புதிதைப் பழையவற்றோடு கலப்பது நல்லதல்ல.

தகட்டைச் சுத்தம்செய்யப் போரிக் அமிலம், ஒரு லீற்றர் தண்ணீருக்கு 40 கிராம். நைட்ரைல் கிளவுஸ், கண்ணாடி போட்டுக்கொண்டு துணியில் நனைத்துத் துடைத்து, சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாவது நிற்கும் வரை திரும்பத் திரும்பச் செய்தோம். பிறகு நல்ல தண்ணீர்த் துணி, பிறகு ஒரு நாள் முழுக்க விசிறிக்காற்று. வெறும் தண்ணீரால் மட்டும் துடைத்து மூடினால் உப்பு மெல்லிய படலமாகப் பரவி அடுத்த மழைக்குத் திரும்ப வரும். அரிக்கப்பட்ட பஸ்பார்களை நிக்கல் பூச்சுள்ள புதியவையாக மாற்றி, நட்டுகளை 5.4 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினோம். இதற்கு மேல் இறுக்கினால் முனையே சுழன்று, சீல் அந்த இடத்திலேயே கிழியும். முன்பு மாற்றப்பட்ட இரண்டு மொடியூலின் நட்டுகளும் கையளவுக்கு அதிகமாக இறுகியிருந்ததை அப்போது கவனித்தோம். தொலைந்த பிளாஸ்டிக் கவருக்குப் பழைய பெட்டரியின் கவர் பொருந்தியது.

மூடுவதற்கு முன் ஓர் இரவு பெட்டரியைக் கூரைக்குக் கீழே, பனி வரும் வாசல் பக்கம் வைத்தோம். காலை ஐந்தரைக்கு இரண்டு துண்டையும் தகட்டுக்கு அளந்தோம். இரண்டிலும் எண் பூச்சியத்துக்கு விழுந்தது. வண்டியில் ஏற்றி, எல்லாம் இறுக்கிய பிறகு தம்பி பையிலிருந்த பிளக்கைப் போட்டான், கடைசியாக 12 வோல்ட்டின் மைனஸ். விசிறியைக் கழுவி, காற்றுவழிக்கு மேல் பை வைக்காதபடி ஒரு சின்னக் கம்பிச் சட்டமும் போட்டுக் கொடுத்தோம்.

இந்த வழியை நான் நிசான் லீஃப் போன்ற முழு மின்கார்களுக்குச் செய்வதில்லை. அதன் பெட்டரி பெயரளவில் 360 வோல்ட், முழுச் சார்ஜில் 400ஐத் தொடும். அந்த மின்னழுத்தத்தில் நேர்மின் பொறி பிடித்தால் தானாக அணையாது. அடியில் சீல்செய்து மூடிய அந்தப் பெட்டியைத் திறக்கத் தனி இடமும் தனிப் பயிற்சியும் வேண்டும். லீஃபில் காப்புக் குறைவு வந்தால் நாங்கள் வண்டியை மின்னிலிருந்து பிரித்து, கேபிளா, ஹீற்றரா, கம்ப்ரசரா என்று வெளியே மெகரில் பார்ப்போம். வெளியே சுத்தமாக இருந்து கசிவு பெட்டிக்குள் என்று தெரிந்தால் கொழும்புக்கு அனுப்பிவிடுவோம்.

அண்ணனிடம் காசு வாங்கும்போது சொன்னேன்: "இது ஒரு முனையைச் சரிசெய்த கதைதான். மத்த இருபத்தேழுக்கும் அதே வயசு. பதிமூணாவது முனையில சீல் பக்கம் கொஞ்சம் வெள்ளை இருந்துச்சு, தகடு வரைக்கும் இறங்கல. துடைச்சிருக்கேன்."

"எத்தனை நாள் போகும்?"

"நாள் சொல்லமாட்டேன். ஒக்டோபர் மழைக்கு முந்தி ஒருக்கா கொண்டுவாங்க. விடியக்காலையில வாங்க, மத்தியானத்துல வேணாம்."

செப்டெம்பர் கடைசியில் காலை ஆறரைக்கு வந்தார், கண்ணாடியெல்லாம் பனி. `Short Wave Highest Val` 4.9க்கு மேல் நின்றது. கோட் எதுவும் இல்லை. காற்றுவழிச் சட்டத்தின்மேல் ஒரு ஜெக்கட் மடித்து வைத்திருந்தது, தம்பி அதை எடுத்து முன் சீட்டில் வைத்தான்.